75 வினாடிப் படம், 2டியா 3டியா: மணிக்கணக்கு போட்டுப் பார்த்த கதை

என் முதல் அனிமேஷன் படத்தின் நீளம் 75 வினாடிதான். அதை 3டியில் தொடங்கி, மூன்று மாதம் போராடி, கடைசியில் 2டியில் முடித்தேன். 3டி மோசம், 2டி நல்லது என்று சொல்ல வரவில்லை. என் கதைக்கும் என் கைக்கும் என் கணினிக்கும் எது ஒத்துவரும் என்பதை முதல் வாரமே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கலாம். நான் போடவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை சின்னது. தாத்தாவும் பேத்தியும் ஒரே குடையில் மழையில் நடந்து வருகிறார்கள். காற்றில் குடை மடங்கித் திருப்பிக்கொள்கிறது. இருவரும் நனைந்தபடி வீடு வந்து சேர்கிறார்கள். மொத்தம் 16 ஷாட், மூன்று இடங்கள்: வீட்டு வாசல், தெரு, பேருந்து நிறுத்தம். வாரத்துக்கு எனக்குக் கிடைப்பது சுமார் 10 மணி நேரம். ஓரளவு நன்றாகவே வரைவேன். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நாற்காலி, மேசை செய்து பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு ஏன் 3டி? இரண்டு காரணம். முதலாவது, ஒரே ஒரு ஷாட். குடைக்கு அடியில் நிற்கும் இருவரையும் கேமரா சுற்றி வர வேண்டும் என்று மனதுக்குள் பார்த்து வைத்திருந்தேன். இரண்டு வினாடி ஷாட்டுக்காக மொத்தப் படத்தின் தயாரிப்பு முறையையே முடிவு செய்தேன் என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. இரண்டாவது, 2டி என்றால் ஒவ்வொரு படத்தையும் கையால் வரைய வேண்டும், 3டியில் பொம்மையை ஒருமுறை செய்துவிட்டால் அசைவைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. இது பாதி உண்மை. அந்த மீதிப் பாதிதான் மூன்று மாதத்தைத் தின்றது.

தாத்தாவின் உருவத்தைச் செதுக்க 20 மணி நேரம் ஆனது. அது சந்தோஷமான வேலை. அதன் பிறகு, அசைக்கத் தோதாக அதன் மேற்பரப்பைச் சீரான கட்டங்களாக மறுபடி கட்டுவது, தோலையும் சட்டையையும் பிரித்து விரித்து வண்ணம் பூசுவது எல்லாம் இன்னொரு 25 மணி. சரி, இனி எலும்புக்கூட்டை உள்ளே வைத்தால் நடக்க வைத்துவிடலாம் என்று ரிக்கிங்கில் இறங்கினேன். பிளெண்டரில் இதற்கென்றே Rigify என்ற வசதி இருக்கிறது. தயாராக உள்ள எலும்புகளை உடம்புக்குப் பொருத்தி வைத்தால், கட்டுப்பாடுகளை அதுவே உருவாக்கித் தரும். உடம்பை எலும்போடு தானாக ஒட்டவைக்கும் கட்டளையை அழுத்தினேன். திரையில் இப்படி வந்தது:

```
Bone Heat Weighting: failed to find solution for one or more bones
```

இரண்டு மாலைப் பொழுதுகள் இதில் போயின. எலும்பைத்தான் தப்பாக வைத்துவிட்டோம் என்று அதையே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கோளாறு எலும்பில் இல்லை, உடம்பில். கண்களையும் பல்லையும் தலையோடு ஒரே பொருளாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் புள்ளிகள் கிடந்தன. இப்படித் தனித்தனித் துண்டுகளும் இரட்டைப் புள்ளிகளும் கலந்து கிடந்தால், எந்தப் புள்ளி எந்த எலும்புக்குச் சொந்தம் என்ற கணக்கு தடுமாறிப்போகும். கண்ணையும் பல்லையும் பிரித்தெடுத்துத் தலை எலும்போடு நேரடியாக இணைத்தேன். மீதி உடம்பின் புள்ளிகள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, `Merge by Distance` கொடுத்து இரட்டைப் புள்ளிகளை ஒன்றாக்கினேன். அளவை `Ctrl+A` கொண்டு உறுதி செய்தேன். ஒட்டிக்கொண்டது.

ஒட்டியதும் தாத்தா கையைத் தூக்கினார். அக்குள் உள்ளே சப்பிப் போய், சட்டை விலாவுக்குள் புகுந்துகொண்டது. குடை பிடிக்கிற ஆள் படம் முழுக்கக் கையைத் தூக்கியபடிதான் இருப்பார்! அந்த ஒரு அக்குளில் எந்த எலும்புக்கு எவ்வளவு பிடிப்பு என்று தூரிகையால் தடவித் தடவிச் சரி செய்வதில் எத்தனை மணி போயிற்று என்று தனியாகக் குறித்துவைக்கவில்லை. தாத்தாவுக்கு மட்டும் மொத்தம் 70 மணி நேரம் ஆனது. அப்போதும் அக்குள் முழுசாகச் சரியாகவில்லை.

அடுத்து நடை. மூன்று வினாடி நடையைச் சோதனையாகச் செய்ய 9 மணி நேரம் பிடித்தது. தாத்தா தண்ணீருக்குள் மிதப்பவர் போல நடந்தார். புதிதாக 3டி செய்பவர்கள் எல்லாருக்கும் வருகிற நோய் இது. இரண்டு நிலைகளை மட்டும் நாம் கொடுத்தால் நடுவில் உள்ளதைக் கணினி சீராக நிரப்பிவிடும். அந்தச் சீர்தான் எடையைக் கொன்றுவிடுகிறது. இடைநிரப்பலை முதலில் `Constant` என்று வைத்து, நிலை நிலையாகத் தாவும்படி எல்லாப் போஸ்களையும் முடித்துவிட்டு, பிறகுதான் இணைக்க வேண்டும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அதன்படி செய்த அடுத்த மூன்று வினாடிக்கு 6 மணி நேரம் ஆனது. அசைவைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று.

இந்த நிலையில்தான் ஸ்டுடியோவில் பல வருடம் ரிக்கிங் வேலை பார்த்த அக்கா ஒருவரிடம் காட்டினேன். அக்குளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“தம்பி, படத்துல எத்தனை பேரு, ஒவ்வொருத்தரும் எத்தனை செகண்டு அசையறாங்க, எண்ணிப் பார்த்தியா?”

“படம் 75 செகண்டு அக்கா.”

“படம் எவ்வளவுன்னு நான் கேக்கல. ஆள் எவ்வளவு நேரம் அசையுதுன்னு கேக்கறேன். 2டியில வினாடிக்குக் காசு. 3டியில பொருளுக்குக் காசு. உன் படத்துல எது அதிகம்னு பாரு.”

இதுவரை எனக்குக் கிடைத்த பாடங்களில் இதைவிட உருப்படியானது வேறு இல்லை. 2டியில் தொடங்குவதற்கு முன் பெரிய முதலீடு எதுவும் கிடையாது. ஆனால் ஓடுகிற ஒவ்வொரு வினாடிக்கும் முழு விலை கொடுக்க வேண்டும். பத்தாவது வினாடிக்கும் அறுபதாவது வினாடிக்கும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். 3டியில் திரையில் தெரிகிற ஒவ்வொரு ஆளுக்கும் பொருளுக்கும் இடத்துக்கும் முன்கூட்டியே விலை கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு, அதே ஆளை வைத்து எத்தனை வினாடி எடுத்தாலும் உருவத்துக்கு மறுபடி விலை இல்லை.

அன்று இரவு ஸ்டோரிபோர்டுப் படங்களை ஒலியோடு சேர்த்து ஒரு அனிமேட்டிக் ஓட்டினேன். கையில் கடிகாரமும் ஒரு தாளும். 75 வினாடியில் 35 வினாடி யாருமே பெரிதாக அசையவில்லை: மழை, வாசல், கண் சிமிட்டல், குடையின் க்ளோசப். மீதி 40 வினாடியில் 22 வினாடி ஒருவர் மட்டும் அசைகிறார், 18 வினாடி இருவரும். இருவர் அசைந்தால் இரட்டை வேலை என்பதால் 22-ஐயும் 36-ஐயும் கூட்டி 58 என்று எழுதினேன். இதை ‘ஆள்-வினாடி’ என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

2டியில் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தி வைத்தால் 12 படம் வரைந்தால் போதும். 58 ஆள்-வினாடிக்கு 696 படங்கள். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் பேத்தியின் திரும்பும் அசைவு ஒன்றை, பென்சில் கோடு முதல் வண்ணம் வரை முழுதாக முடித்துப் பார்த்தேன். படத்துக்குச் சராசரி 15 நிமிடம். ஆக 174 மணி நேரம். பின்னணிகள் 11, ஒவ்வொன்றுக்கும் 2 மணி என்று 22. மொத்தம் 196 மணி.

3டிக்கு: தாத்தா 70. பேத்தியை இன்னும் தொடவே இல்லை, அனுபவம் வந்துவிட்டதால் 45 என்று வைத்தேன். குடை 12, மூன்று இடங்களுக்கு 60. இவை மட்டுமே 187. அசைவுக்கு ஆள்-வினாடிக்கு 2 மணி என்று 116. ஒளி அமைப்பதற்கும் சில்லறைத் திருத்தத்துக்கும் ஷாட்டுக்கு 2 மணி என்று 32. மொத்தம் 335.

ஏற்கெனவே போட்ட உழைப்பு இருக்கிறதே என்று மனம் கேட்கவில்லை. தாத்தா, குடை, பாதி முடிந்த வாசலும் தெருவும் என்று படத்துக்குப் பயன்படுகிற வேலை சுமார் 112 மணிக்கு ஆகியிருந்தது. அதைக் கழித்தாலும் 3டியில் இன்னும் 223 மணி பாக்கி. 2டியை முதலிலிருந்து தொடங்கினாலே 196. போட்டதைக் கழித்த பிறகும் 2டிதான் கிட்டே இருந்தது. அதோடு அக்குள் வேறு.

இந்த எண்கள் என் கைவேகத்துக்கு உரியவை, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கணக்கின் வடிவத்தைக் கவனியுங்கள். எனக்கு ஆள்-வினாடிக்கு 2டியில் 3 மணி, 3டியில் 2 மணி. 3டியின் முன்செலவு 187 மணி. வினாடிக்கு ஒரு மணி மிச்சம் என்றால், அந்த முன்செலவை மீட்க 187 ஆள்-வினாடி வேண்டும். என் கதையின் அடர்த்தியில் அது சுமார் 4 நிமிடப் படம். இதே தாத்தாவும் பேத்தியும் 4 நிமிடத்துக்கு மேல் ஓடுகிற கதை என்றால் எனக்கு 3டிதான் லாபம். 75 வினாடிக்கு இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ரிக் செய்து தயாராக உள்ள பாத்திரத்தை (உரிம நிபந்தனையைப் படித்துவிட்டு) எடுத்துக்கொண்டால் அந்த முன்செலவின் பெரும்பகுதி காணாமல் போய், கணக்கு தலைகீழாகிவிடும். எனக்கு என் தாத்தாவே வேண்டியிருந்தார்.

பணம் என்று பார்த்தால் மென்பொருளில் வித்தியாசம் இல்லை. பிளெண்டர், கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் எல்லாமே இலவசம். 2டிக்கு ஒரு பேனாப் பலகை வேண்டும். திரை இல்லாத சின்னது போதும், ஒருமுறைச் செலவு. 3டியின் செலவு கணினியில் ஒளிந்திருக்கிறது. என்னுடையதில் நினைவகம் 8 ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. தாத்தா வாசலில் நிற்கும் ஒரு ஃபிரேமை, கடைசித் தரத்தில், பிளெண்டரின் சைக்கிள்ஸ் முறையில் ரெண்டர் செய்தால், அதாவது ஒளியெல்லாம் கணக்கிட்டுக் கணினி அதை முழுப் படமாக்க, 7 நிமிடம். படத்தில் 1800 ஃபிரேம். 12,600 நிமிடம், அதாவது 210 மணி. இரவு பகலாக ஓடினாலும் கிட்டத்தட்ட 9 நாள். அதுவும் ஒரு தப்பும் இல்லாமல் முதல் தடவையே சரியாக வந்தால். பிளெண்டரின் இன்னொரு, வேகமான முறையான ஈவீயில் 25 வினாடிதான், மொத்தம் பன்னிரண்டரை மணி. ஆனால் ஈரத் தரையில் ஒளி பிரதிபலிக்கும் விதம் எனக்குத் திருப்தியாக வரவில்லை. வாடகைக்கு ரெண்டர் செய்து தரும் சேவைகள் உண்டு. ஆனால் திருத்தி மறுபடி அனுப்பினால் மறுபடி பணம். முதல் படத்தில் திருத்தம் வராமல் இருக்காது. எதற்கும் ஒரே ஒரு ஃபிரேமை முதல் வாரமே கடைசித் தரத்தில் ரெண்டர் செய்து, ஃபிரேம் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். அப்புறம், ரெண்டர் செய்யும்போது நேரடியாக வீடியோவாக எழுதாமல் PNG படங்களாக எழுதுங்கள். நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

2டிக்கு மாறியதும் எல்லாம் சுகமாகிவிடவில்லை. 196 என்று போட்டது 230 மணியில் முடிந்தது. அந்த அதிகப்படி எங்கே போனது என்று சொன்னால் சிலருக்குப் பயன்படும்.

ஒன்று, தலை வீக்கம். எனக்குத் தனிப் படம் நன்றாக வரும். ஆனால் ஒரே முகத்தை அடுத்தடுத்து முப்பது முறை வரையும்போது ஒவ்வொன்றிலும் தலை ஒரு நூல் பெரிதாகிக்கொண்டே போகும். ஓட்டிப் பார்த்தால் பேத்தியின் தலைக்குள் யாரோ காற்றடிப்பது போல இருக்கும். ஒவ்வொரு படமாகப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தால் உடனே தெரியும். தலைக்கு ஒரு வட்டமும், கண்ணுக்கும் தாடைக்கும் கோடுகளும் போட்ட ஒரு அடுக்கை எப்போதும் மேலே வைத்துக்கொண்டு வரைந்த பிறகுதான் அடங்கியது. ‘எனக்கு வரைய வரும், அதனால் 2டி’ என்று முடிவு செய்கிறவர்கள், ஒரு பாத்திரத்தை ஐந்து கோணத்தில் வரைந்து, ஐந்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கண் மட்டம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அழகாக வருகிறதா என்பது அங்கே முக்கியமே இல்லை. ‘எனக்கு வரைய வராது, அதனால் 3டி’ என்பவர்களுக்கும் ஒன்று: உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது, நிழலுருவாகப் பார்த்தால் போஸ் புரிகிறதா என்பது 3டிப் பொம்மையிடமும் தானாக வராது. என் மிதக்கும் தாத்தாவே அதற்குச் சாட்சி.

இரண்டு, கோடு. பேத்தியின் சட்டையில் வரிகள் போட்டிருந்தேன், குடையிலும் பட்டைகள். 3டியில் இவை ஒருமுறை பூசினால் போதும், இலவசம் மாதிரி. 2டியில் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு படத்திலும், துணியின் மடிப்புக்கு ஏற்ப வளைத்து வரைய வேண்டும். எட்டுக் கம்பிக் குடை திரும்பும்போது பட்டைகளை எண்ணி வரைந்த அந்த ஒரு ஷாட்டோடு இரண்டையும் எடுத்துவிட்டேன். குடை கறுப்பு, சட்டை ஒரே மஞ்சள்.

மூன்று, தாமதமாக வந்த யோசனை. ஏழாவது ஷாட் வண்ணம் வரை முடிந்த பிறகு நண்பன் பார்த்துவிட்டு, தாத்தா குடையை இந்தக் கையில் பிடித்தால் பேத்தியின் முகம் மறைகிறதே என்றான். சரியாகத்தான் சொன்னான். 3டியாக இருந்தால் ஒரு மாலை வேலை. எனக்கு 60 படம், 15 மணி நேரம். அதன் பிறகு மீதி ஷாட்களை அனிமேட்டிக்காக இருக்கும்போதே நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் வரையத் தொடங்கினேன்.

லாபமும் இருந்தது. குடை காற்றில் திருப்பிக்கொள்ளும் இடத்தை நினைத்துத்தான் 3டியில் அதிகம் பயந்தேன். துணி, கம்பி, உருமாற்றம் என்று எத்தனையோ ஏற்பாடு. 2டியில் 9 படம். நடுவில் இரண்டு படத்தில் அது குடையாகவே இல்லை, ஒரு கறுப்பு இழுப்பு, அவ்வளவுதான். ஓட்டினால் கண் ஏற்றுக்கொள்கிறது. நனைந்த தலைமுடி, தெறிக்கும் தண்ணீர், துணி எல்லாம் இப்படித்தான். 3டியில் விலை உயர்ந்தவை, கோட்டில் மலிவு. நேர்மாறாக, கேமரா நகர்வதும், சக்கரமும் வண்டியும் திரும்புவதும், ஒரே ஆள் நூறு பேராக நிற்பதும் 3டியில் மலிவு, கோட்டில் ஆளைக் கொல்லும். உங்கள் கதையில் இவற்றில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று ஸ்டோரிபோர்டைப் புரட்டிக் குறித்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

அந்தச் சுற்றும் ஷாட்டை விடவில்லை. பிளெண்டரில் உருளையும் உருண்டையுமாக இரண்டு பொம்மை நிறுத்தி, கேமராவைச் சுற்றவிட்டு, அந்தச் சாம்பல் நிற வீடியோவின் மேல் வரைந்தேன். பொம்மைக்கு 3 மணி, 48 படத்துக்கு 12 மணி. படத்தில் எல்லாரும் பாராட்டுவது அந்த ஷாட்டைத்தான். என் கண்ணுக்கு அதில் பேத்தியின் தலை இன்னும் கொஞ்சம் வீங்குகிறது.

அடுத்த கதை எழுதியாயிற்று. ஒரே அறை, தாத்தா மட்டும், 5 நிமிடம். தாளில் கணக்குப் போட்டேன். 3டி என்று வந்தது. பழைய கோப்பைத் திறந்து, அவர் கையைத் தூக்கிப் பார்த்தேன். இந்தக் கதையில் அவருக்குக் குடை கிடையாது, பெரும்பாலும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அக்குளைச் சரி செய்ய 8 மணி ஒதுக்கியிருக்கிறேன்.